ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பைக் கடையிலேயே அழித்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டில் ஒரு ரீஃபர்பிஷ்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். "கம்பெனி லேப்டாப், ரெண்டு வருஷம்தான் ஆச்சு, ஒரு வருஷ வாரண்டி" என்கிறார் கடைக்காரர். ஒரிஜினல்தானா, வாரண்டி நிஜம்தானா என்று கடையில் நிற்கும்போதே எப்படிப் பார்ப்பது? மொபைலுக்கும் இதே வழிதானா?

இரண்டு வேலைக்கு மட்டும் கடைக்காரர் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ஒன்று, சீரியல் நம்பரை நீங்களே பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் மெஷினின் அமைப்புத் திரையில், போய்ப் பார்ப்பது. இன்னொன்று, அவர் போட்டுக் கொடுத்திருக்கும் விண்டோஸை அழித்துவிட்டு, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அங்கேயே புதிதாக நிறுவுவது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். சம்மதிக்காத கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

என் சித்தி பையன் கல்லூரிக்கு ஒரு லேப்டாப் வாங்கினான். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் பிசினஸ் மாடல்களில் ஒன்று. கடையில் ஆன் செய்து காட்டினார்கள், வேகமாக இருந்தது, திரை பளிச்சென்று இருந்தது, வாங்கி வந்துவிட்டான். நான்கு மாதம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஏதோ வைரஸ் என்று விண்டோஸை ரீசெட் செய்தான். முடிந்து வைஃபை இணைத்ததும், கேள்வியே படாத ஒரு நிறுவனத்தின் பெயரோடு வரவேற்புத் திரை வந்தது. அந்த நிறுவனத்தின் அலுவலக மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் உள்ளே விடும். கடைக்குக் கொண்டுபோனால், பில்லில் "லேப்டாப் – 1" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, இது எங்கள் மெஷினே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவனிடம் மறுக்க எந்த ஆதாரமும் இல்லை.

அந்தப் பூட்டுக்கு விண்டோஸ் ஆட்டோபைலட் என்று பெயர். நிறுவனங்கள் லேப்டாப் வாங்கும்போதே அதன் மதர்போர்டின் அடையாளத்தைத் தங்கள் பெயரில் மைக்ரோசாஃப்ட்டிடம் பதிவு செய்துவிடும். எத்தனை முறை அழித்துப் போட்டாலும், இணையத்தில் இணைத்ததும் அது பழைய முதலாளியைத் தேடிப் போகும். கழிக்கும்போது பதிவை நீக்க வேண்டியது அந்த நிறுவனத்தின் வேலை. பல இடங்களில் அது விட்டுப்போகிறது, சில நேரம் மெஷினே திருட்டுப் பொருளாக இருக்கும். கடைக்காரர் இணையம் இல்லாமல் விண்டோஸைப் போட்டு லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கிவிட்டால் பூட்டு வெளியே தெரியாது. அதனால் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை எவ்வளவு நேரம் தட்டிப் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. மறுபடி அழித்து, இணையத்தோடு நிறுவிப் பார்த்தால் மட்டுமே தெரியும். பல கடைக்காரர்களுக்கே இது தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களும் லாட்டாக எடுத்து விற்பவர்கள்தான்.

அவனுக்கு இரண்டாவது லேப்டாப் வாங்க நானும் போனேன். அன்று செய்ததை அப்படியே சொல்கிறேன். கடைக்காரர் சொன்ன விவரம்: ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, இரண்டு வருடப் பழையது, ஒரு வருட வாரண்டி.

முதலில் மெஷினைத் திருப்பி, அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுத்தேன். டெல்லில் இதை சர்வீஸ் டேக் என்பார்கள், ஏழு எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். பிறகு மெஷினை அணைத்து, ஆன் ஆகும்போதே பயாஸுக்குள் போனேன். டெல்லில் F2, ஹெச்பியில் F10, திங்க்பேடில் F1. இங்கே கடவுச்சொல் கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். பிசினஸ் மாடல்களில் பயாஸ் கடவுச்சொல் தனி சிப்பில் பதிந்திருக்கும். உள்ளே இருக்கும் நாணய பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் போகாது. "அப்புறம் எடுத்துத் தருகிறேன்" என்று சொன்னால், எடுத்துக் கொடுத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

பயாஸின் முதல் பக்கத்திலேயே சீரியல் நம்பர் இருக்கும். அது ஸ்டிக்கரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஸ்டிக்கர் இருப்பது அடி மூடியில், பயாஸ் எண் இருப்பது மதர்போர்டில். இரண்டும் வேறாக இருந்தால் இரண்டு மெஷின்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எண் இருக்க வேண்டிய இடத்தில் `Default string` அல்லது `To be filled by O.E.M.` என்று இருந்தால், மதர்போர்டு மாற்றப்பட்டு எண் எழுதாமலே விடப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு மாற்றினால் பழைய எண்ணையே திரும்ப எழுதிக் கொடுப்பார்கள். ஆகவே எண் காலியாக இருப்பது வெளியில் செய்த வேலைக்கு அடையாளம். பயாஸில் இருக்கும்போதே, பாதுகாப்புப் பகுதியில் `Absolute` அல்லது `Computrace` என்ற வரியையும் பாருங்கள். அது செயல்பாட்டில் இருந்தால் பழைய உரிமையாளர் தூரத்திலிருந்தே மெஷினைக் கண்காணிக்கவும் பூட்டவும் முடியும்.

விண்டோஸுக்குள் இருந்தே எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால், விண்டோஸோடு வரும் பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து இதை அடிக்கலாம், பின்னால் வரும் கட்டளைகளுக்கும் அதே இடம்தான்:

```
Get-CimInstance Win32_BIOS | Select SerialNumber
```

இப்போது அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, தயாரிப்பாளரின் சப்போர்ட் தளத்துக்கு உங்கள் மொபைலிலேயே போங்கள். கடைக்காரர் அனுப்பும் லிங்க் வேண்டாம், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வாரண்டி தொடங்கிய நாளும் முடியும் நாளும் வரும். டெல் போன்ற சில தளங்களில், தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அந்த மெஷினில் என்னென்ன பாகங்கள் இருந்தன என்பதும் வரும். நாங்கள் பார்த்த மெஷின் ஜூன் 2019-இல் வெளியே வந்தது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மூன்று வருட வாரண்டி 2022-இல் முடிந்துவிட்டது. "இரண்டு வருடப் பழையது" என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிட்டது. ரேமும் எஸ்எஸ்டியும் பிறகு மாற்றியவை என்பதும் தெரிந்தது. கூடுதலாகப் போட்டதில் தவறில்லை, ஆனால் அந்த இரண்டும் தயாரிப்பாளர் போட்ட பாகங்கள் இல்லை என்பது தெரிந்து வாங்க வேண்டும்.

ப்ராசஸரில் வெறும் "ஐ5" என்பதை ஏற்காதீர்கள். முழு எண்ணைப் படியுங்கள். எங்களுடையது i5-8350U. கோட்டுக்குப் பிறகு வரும் 8 என்பது எட்டாவது தலைமுறை. i5-7300U என்றால் ஏழு, i5-10210U என்றால் பத்து. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது, இன்டெலில் மிகச் சில விலக்குகள் தவிர, எட்டாவது தலைமுறையும் அதற்கு மேலும். ஆறு, ஏழாவது தலைமுறை மெஷின்களிலும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டு விற்கிறார்கள். இப்போதைக்கு ஓடும், ஆனால் அப்டேட் வரும் என்பதற்கு உறுதி கிடையாது. விலையில் இருக்கும் வித்தியாசத்துக்காக இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

அழிப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை. கடைக்காரர் போட்டிருக்கும் விண்டோஸ் எப்படிப்பட்டது என்று பாருங்கள்:

```
slmgr /dli
slmgr /xpr
```

முதல் கட்டளை ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். அதில் `OEM_DM channel` என்றிருந்தால் மெஷினோடு வந்த ஒரிஜினல் உரிமம். `VOLUME_KMSCLIENT` என்றிருந்தால், பெரிய நிறுவனங்களின் வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் முறையைத் திருட்டு மென்பொருளால் ஏமாற்றியிருக்கிறார்கள். இரண்டாவது கட்டளை அப்போது ஒரு காலாவதித் தேதியைச் சொல்லும். வழக்கமாக ஆறு மாதத்துக்குள் இருக்கும், ஒரு தந்திரத்தில் 2038 என்று காட்டும். இரண்டுமே போலி. இது பணப் பிரச்சினை மட்டும் இல்லை. அந்த மாதிரி மென்பொருள் வேலை செய்ய வைரஸ் தடுப்பை ஓரளவு முடக்கி வைப்பது வழக்கம். அந்த மெஷினில் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் மெஷினில் வந்தது `VOLUME_KMSCLIENT`தான். ஆனாலும் நாங்கள் எழுந்து வரவில்லை, ஏனென்றால் பிசினஸ் மாடல்களில் ஒரிஜினல் விண்டோஸ் கீ பயாஸுக்குள்ளேயே இருக்கும். சரியாக அழித்து, அதே பதிப்பைப் போட்டால், இணையம் கிடைத்ததும் அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும். கீ உள்ளே இருக்கிறதா என்று இப்படிப் பார்க்கலாம்:

```
(Get-CimInstance SoftwareLicensingService).OA3xOriginalProductKey
```

ஐந்து ஐந்தாக 25 எழுத்துகள் வந்தால் இருக்கிறது. காலியாக வந்தால் உரிமத்துக்கான விலையைக் கழித்துப் பேசுங்கள்.

பிறகுதான் முக்கியமான வேலை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி உருவாக்கிய விண்டோஸ் 11 பென்டிரைவை வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். அதிலிருந்து துவக்கி, எஸ்எஸ்டியில் இருந்த எல்லாப் பகுதிகளையும் நீக்கி நிறுவினோம். பென்டிரைவ் இல்லையென்றால் செட்டிங்ஸில் `Reset this PC` போய் `Remove everything` கொடுத்தாலும் பூட்டு இருந்தால் தெரிந்துவிடும், கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். எங்களுக்கு 25 நிமிடம் ஆனது. நெட்வொர்க் கேட்கும் திரையில் என் ஹாட்ஸ்பாட்டை இணைத்தேன். இந்த இடத்தில் கடைக்காரர் "நெட் இல்லாமலே முடித்துவிடலாம் சார்" என்றார். வேண்டாம் என்று சொன்னேன். எந்த நிறுவனப் பெயரும் வராமல், சொந்த உபயோகமா அலுவலக உபயோகமா என்ற சாதாரணக் கேள்வி வந்தது. தம்பி அப்போதுதான் மூச்சுவிட்டான். உள்ளே போய் மறுபடி `slmgr /dli` அடித்தபோது `OEM_DM` என்று மாறியிருந்தது.

அடுத்தது பேட்டரி. திரை, கீபோர்டு, கீல், போர்ட் எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரிபவை. ஒவ்வொரு கீயையும் ஒருமுறை அழுத்தி, ஒவ்வொரு யூஎஸ்பியிலும் பென்டிரைவைச் சொருகிப் பாருங்கள், போதும். டச்பேட் மட்டும் மேலே தூக்கிக்கொண்டோ, அழுத்தினால் கிளிக் ஆகாமலோ இருந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். அது ஆபத்து, தொடவே வேண்டாம். பேட்டரியின் உள்நிலையைப் பார்க்க:

```
powercfg /batteryreport
```

இது ஒரு ஃபைலை உருவாக்கி, எங்கே வைத்திருக்கிறது என்பதையும் சொல்லும். திறந்து பார்த்தால் `DESIGN CAPACITY` 60,000 என்றும் `FULL CHARGE CAPACITY` 41,400 என்றும் இருந்தது. அலகு மில்லிவாட் மணி. அதாவது புதிதாக இருந்தபோது இருந்ததில் 69 சதவீதம்தான் மிச்சம். சாதாரண வேலைக்கு இந்த மாதிரி மெஷின் ஏறத்தாழ 9 வாட் இழுக்கும், ஆகவே நான்கரை மணி நேரம் வரும். ஆறு வருடப் பேட்டரிக்கு இது மோசமில்லை.

கடைக்காரர் தாராளமாக "புது பேட்டரியே போட்டுத் தருகிறேன்" என்று உடனே மாற்றிக் கொடுத்தார். மறுபடி ரிப்போர்ட் எடுத்தால் இரண்டு இடத்திலும் 60,000, `CYCLE COUNT` 0. காகிதத்தில் அருமை. ஆனால் இந்த எண்களை விண்டோஸ் அளப்பதில்லை, பேட்டரிக்குள் இருக்கும் சிப் சொல்வதை அப்படியே எழுதுகிறது. மலிவான பேட்டரியின் சிப்பில் எந்த எண்ணையும் எழுதி அனுப்பலாம். அதனால் சார்ஜரைக் கழற்றி, வெளிச்சத்தை முழுதாக வைத்து, 20 நிமிடம் வீடியோ ஓட விட்டோம். அப்படி ஓடும்போது ஏறத்தாழ 12 வாட் போகும், 20 நிமிடத்துக்கு 4 வாட் மணி. நிஜமான 60 வாட் மணி பேட்டரியில் 7 சதவீதம் இறங்க வேண்டும். இது 26 சதவீதம் இறங்கி 74-இல் நின்றது. கணக்குப் போட்டால் உள்ளே இருப்பது 15 வாட் மணி அளவுதான். பழைய பேட்டரியையே திரும்ப மாட்டச் சொல்லி, விலையைக் குறைத்துப் பேசி முடித்தோம். ஒரு எச்சரிக்கை: சில போலிப் பேட்டரிகள் 20 நிமிடம் நல்ல பிள்ளையாக இறங்கிவிட்டு, 40 சதவீதத்தில் திடீரென்று அணைந்துவிடும். அதைக் கடையில் பிடிக்க முடியாது. மாற்றிய பேட்டரியோடு வாங்குவதாக இருந்தால், பேட்டரிக்குக் குறைந்தது ஒரு மாதம் எழுத்தில் வாங்குங்கள்.

இனி வாரண்டி. கடைக்காரர் வாயில் வரும் "வாரண்டி" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது தயாரிப்பாளரின் மிச்ச வாரண்டி. இது சீரியல் நம்பரோடு ஒட்டியது, சப்போர்ட் தளத்தில் தேதி தெரியும், தேதி இல்லையென்றால் வாரண்டி இல்லை. இன்னொரு நாட்டில் விற்ற மெஷினாக இருந்தால் தேதி மிச்சம் இருந்தாலும் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர் ஏற்குமா என்று எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, சரிசெய்து விற்கும் நிறுவனம் தன் பெயரில் தரும் வாரண்டி. தயாரிப்பாளரே புதுப்பித்து விற்பதும் உண்டு, ஆப்பிள் தன் ரீஃபர்பிஷ்டு பொருள்களுக்கு ஒரு வருடம் தருகிறது. மூன்றாவது, கடை தரும் வாரண்டி. மார்க்கெட்டில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். சிலர் டெஸ்டிங் வாரண்டி என்பார்கள், அது ஏழு நாளோ பதினைந்து நாளோ, அவ்வளவே.

கடை வாரண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. அது எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பில்லில் கடைக்காரரை எழுத வைத்தது: மாடல் பெயர், பயாஸில் பார்த்த அதே சீரியல் நம்பர், ரேம் மற்றும் எஸ்எஸ்டி அளவு, வாரண்டி முடியும் தேதி, மதர்போர்டும் திரையும் வாரண்டிக்குள் வரும் என்ற வரி. பொதுவாக பேட்டரி, அடாப்டர், கீபோர்டு மூன்றையும் விட்டுவிடுவார்கள், அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கேட்டு எழுத வைத்தேன்: பழைய நிறுவனத்தின் பூட்டு எப்போது வந்தாலும் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே அழித்துப் போட்டுப் பார்த்தாயிற்று என்பதால் அவருக்கும் பயமில்லை. மெஷினைத் திறந்தால் வாரண்டி போகும் என்று திருகாணி மேல் ஒட்டும் ஸ்டிக்கரை, பில் போட்ட பிறகு உங்கள் கண் முன்னால் ஒட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு "நீங்களே கழற்றியிருக்கிறீர்கள்" என்ற பேச்சு வராது.

மொபைலுக்கும் இதே வழிதான், பெயர்கள் மட்டும் மாறும். சீரியல் நம்பரின் இடத்தில் ஐஎம்இஐ. `*#06#` அடித்தால் 15 இலக்க எண் வரும். அது செட்டிங்ஸில் இருப்பதோடும், பெட்டி கொடுத்தால் பெட்டியில் இருப்பதோடும் ஒத்துப்போக வேண்டும். விண்டோஸை அழிப்பதற்குப் பதிலாக, போனை உங்கள் கண் முன்னால் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் சிம்மும் உங்கள் ஹாட்ஸ்பாட்டும் போட்டு முதல் திரையிலிருந்து தொடங்குங்கள். பழைய கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ கேட்டாலோ, `Remote Management` என்று ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தாலோ, அந்தப் போன் உங்களுக்கு வேண்டாம்.

ஐபோனில் மட்டும் இரண்டு கூடுதல் வசதி. செட்டிங்ஸில் `General`, அதற்குள் `About` போனால் `Model Number` என்ற வரி இருக்கும். அது M என்று தொடங்கினால் கடையில் புதிதாக விற்றது, F என்றால் ரீஃபர்பிஷ்டு, N என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது, P என்றால் பெயர் பொறித்து வாங்கியது. "சீல்டு பீஸ், புதுசு" என்று சொல்லி F எழுத்துப் போனைக் கொடுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதே பக்கத்தில், பாகம் ஏதாவது மாற்றியிருந்தால் `Parts and Service History` என்ற பகுதி வரும். ஆப்பிளின் பாகம் என்று உறுதி செய்ய முடியாததை `Unknown Part` என்று காட்டும். ஐபோன் 12-இலும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் பேட்டரி, திரை, கேமரா மூன்றையும் இது சொல்லும், 11-இல் கேமரா வராது, அதற்கு முந்தைய எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களில் பேட்டரியை மட்டும்தான் சொல்லும். ஆண்ட்ராய்டில் எல்லா போனுக்கும் பொதுவாக இப்படி ஒரு பக்கம் கிடையாது. திரையை வெயிலில் ஒருமுறையும் இருட்டில் ஒருமுறையும் பார்த்து, கைரேகையைப் பதிந்து, அழைப்பில் பேசிப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். அந்த ஐஎம்இஐயும் பில்லில் ஏற வேண்டும். இரண்டு சிம் போனாக இருந்தால் இரண்டு எண்ணும்.